கை நீள்கிறது, ஆனால் மெலியவில்லை. ஸ்ட்ரெச்சை அணைத்தால் கை துள்ளுகிறது (பிளெண்டர்)

கயல்_ரிக்

வணக்கம். ஒரு கார்ட்டூன் பையனுக்கு ரிக் செய்துகொண்டிருக்கிறேன். ஷாட் இதுதான்: பெஞ்சில் உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் பரணில் இருக்கும் முறுக்கு டப்பாவை எடுக்கிறான். கை ரப்பர் மாதிரி நீள வேண்டும். டப்பாவை மடியில் வைத்ததும் அப்பத்தாவிடம் ஒரு சோகமான பேச்சு. அந்தப் பகுதி முழுக்க கை சாதாரண மனிதக் கையாக இருக்க வேண்டும்.

மேற்கை எலும்பு 26 செ.மீ., முன்கை 24 செ.மீ., மொத்தம் 50. டப்பா தோளிலிருந்து 72 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. ஐ.கே. கன்ஸ்ட்ரெயின்ட்டில் Stretch டிக் செய்து, இரண்டு எலும்புக்கும் IK Stretch 0.1 கொடுத்திருக்கிறேன். கை டப்பாவைத் தொடுகிறது. சிக்கல்கள் மூன்று:

கை நீள்கிறது, ஆனால் மெலிவதற்குப் பதில் பருக்கிறது. 8 செ.மீ. தடிமன் 72-இல் சுமார் 11.5 ஆகிறது. இழுத்த ரப்பராகத் தெரியவில்லை, பெரிதாக்கிய கை போலத் தெரிகிறது.

உள்ளங்கையும் சேர்ந்து பெருத்து, விரல்கள் வீங்குகின்றன.

கை திரும்பி வரும்போது 104-ஆம் ஃபிரேமில் ஸ்ட்ரெச்சை அணைத்தேன். அந்த ஒரு ஃபிரேமில் கை டப்பாவை விட்டுவிட்டு உள்ளே துள்ளுகிறது. பத்து ஃபிரேமுக்கு மெதுவாகக் குறைத்தும் பார்த்தேன். வெகுநேரம் ஒன்றும் ஆகாமல் கடைசியில் ஒரேயடியாக இழுத்துக்கொள்கிறது.

சதீஷ்வி

முதல் சிக்கல் சுலபம். ஆர்மேச்சர் மாடிஃபையரில் Preserve Volume என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடுங்கள், பருமன் சரியாகிவிடும். நான் எல்லா ரிக்கிலும் போட்டுத்தான் வைப்பேன்.

கயல்_ரிக்

போட்டுப் பார்த்துவிட்டேன். மணிக்கட்டைத் திருப்பும்போது அழகாக இருக்கிறது. நீட்டும்போது எந்த மாற்றமும் இல்லை.

முழங்கை

சதீஷ், பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த டிக் செய்யும் வேலை வேறு. மூட்டு முறுகும்போதும் மடங்கும்போதும் தோல், மிட்டாய்த் தாளைத் திருகியது போல ஒடுங்குமே, அதைத் தடுப்பதற்காக வந்தது அது. எலும்பின் நீளம் கூடினால் பருமனைக் குறைக்கும் கணக்கு அதில் கிடையாது. எலும்பு என்ன அளவைச் சொல்கிறதோ அதைத்தான் மெஷ் வாங்கிக்கொள்ளும். ஐ.கே. ஸ்ட்ரெச் எலும்பை அதன் நீளவாக்கில், ஒய் அச்சில் மட்டும் இழுப்பதில்லை, மூன்று அச்சிலும் ஒரே அளவாகப் பெரிதாக்குகிறது. எக்ஸும் இசட்டும் ஒய்யோடு சேர்ந்தே வளர்கின்றன. அதனால்தான் கை பருக்கிறது.

கயல், கணக்கு இதுதான். கன அளவு மாறாமல் இருக்க வேண்டுமென்றால் நீளம் எத்தனை மடங்கோ, குறுக்குவெட்டின் பரப்பு அத்தனை பங்கு குறைய வேண்டும். பரப்பு இரண்டு அச்சுகளின் பெருக்கல் என்பதால் ஒவ்வோர் அச்சுக்கும் வர்க்கமூலம் வருகிறது. உங்கள் ஷாட்டில் 72 / 50 = 1.44. அதன் வர்க்கமூலம் 1.2. தடிமன் 1 / 1.2 = 0.833. உங்கள் 8 செ.மீ. கை டப்பாவைத் தொடும்போது சுமார் 6.7 செ.மீ. ஆக வேண்டும். பலர் நேராக 1 / 1.44 போட்டுவிடுகிறார்கள். அப்போது 5.6 ஆகிக் கை வற்றிப்போனதாகத் தெரியும்.

இதை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாரும் ஒருமுறையாவது தடுமாறுகிறோம். ஐ.கே. எலும்பின் மேலேயே Maintain Volume கன்ஸ்ட்ரெயின்ட்டைப் போட்டால் வேலை செய்யாது.

கயல்_ரிக்

ஆமாம், அதையும் செய்தேன்! ஒன்றுமே நடக்காததால் அந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்டே பழுதென்று நினைத்தேன்.

முழங்கை

பழுதில்லை. வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. பிளெண்டர் ஐ.கே. சங்கிலியில் உள்ள எலும்புகளின் மற்ற கன்ஸ்ட்ரெயின்ட்டுகளை முதலில் முடித்துவிட்டு, அப்புறம்தான் ஐ.கே.-ஐத் தீர்க்கிறது. நீங்கள் பட்டியலில் மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் இதே கதைதான். Maintain Volume பார்க்கும் நேரத்தில் எலும்பு இன்னும் நீளவே இல்லை.

அதனால் இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். இப்போது இருக்கும் ஐ.கே. எலும்புகள் வெறும் இயந்திர எலும்புகள். அவற்றின் மெஷ் வெயிட்டை எடுத்துவிடுங்கள். அவற்றின் மேல் DEF_upper, DEF_fore என்று தனி எலும்புகள், இரண்டுக்கும் தோள் எலும்பே பெற்றோர். DEF_upper-க்கு முதலில் Copy Rotation, பிறகு முழங்கையை நோக்கி Stretch To. DEF_fore-க்கு Copy Location, Copy Rotation, பிறகு மணிக்கட்டை நோக்கி Stretch To. இரண்டு Stretch To-விலும் Volume Variation 1.0, அச்சு XZ, Rotation-க்கு Swing. Swing இல்லாவிட்டால் நீங்கள் காப்பி செய்த முறுக்கு அழிந்துவிடும். கடைசியாக ரெஸ்ட் போஸில் வைத்து Original Length-ஐ ரீசெட் செய்யுங்கள். இந்த ரீசெட்டை மறந்தால் எதையும் அசைக்காத போதே கை கொஞ்சம் மெலிந்தோ பருத்தோ நிற்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

காகிதப்பாவை

நான் 2டி கட்டவுட் வேலை செய்கிறேன். எங்களுக்கும் இதே தொல்லை. முன்கைப் படத்தை நீட்டி ஒடுக்கினால் ஓரக்கோடும் மெலிந்துவிடுகிறது. மேற்கைக்கு ஒரு கோடு, முன்கைக்கு ஒரு கோடு என்று தனித்தனியாகத் தெரிகிறது. முழங்கையில் ஒரு வட்ட ஒட்டு வைத்து மறைக்கிறேன். உங்கள் துள்ளலையும் அப்படி ஓர் ஒட்டு வைத்து மறைக்க முடியாதா?

முழங்கை

காகிதப்பாவை, உங்கள் சிக்கல் மூட்டில் தெரியும் கோடு. இங்கே ஒரே ஃபிரேமில் கையின் இடமே மாறுகிறது. அதை ஒட்டு வைத்து மறைக்க முடியாது. ஆனால் நீங்கள் சொன்னதில் எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. கை 0.833 ஆக மெலியும்போது உள்ளங்கை 1.0-லேயே இருந்தால் மணிக்கட்டில் ஒரு படி விழும். சட்டைக் கை மடிப்பு அங்கேதான் வருகிறது என்றால் நன்றாகவே தெரியும். முன்கையை இரண்டு மூன்று எலும்பாகப் பிரித்து, நடுவில் முழுதாக மெலிய விட்டு, மணிக்கட்டுப் பக்கம் Volume Variation-ஐக் குறைத்தால் படி கரைந்துவிடும். கன அளவு துல்லியமாக மாறாமல் இருக்காது, கண்ணுக்குச் சரியாக இருக்கும்.

மாயாவாசி

மாயாவில் இதை நோடுகளாகவே கட்டிவிடுவோம். தோளுக்கும் கைக் கன்ட்ரோலுக்கும் distanceBetween, அதை ரெஸ்ட் நீளத்தால் வகுத்து, 1-க்குக் கீழே போகாமல் பிடித்து, சுவிட்சோடு கலப்போம். தடிமனுக்கு multiplyDivide-ஐ பவரில் வைத்து -0.5. எழுத்தில் இவ்வளவுதான்:

```
r = 1 + s * (max(1, d / (L * g)) - 1)
t = r ** -0.5
```

`d` தூரம், `L` ரெஸ்ட் நீளம், `s` சுவிட்ச், `g` முழுக் கதாபாத்திரத்தின் அளவு. இந்த `g`-ஐ யாரும் விட்டுவிடாதீர்கள். நான் ஒரு வேலையில் விட்டேன். லேயவுட்டில் பாத்திரத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கியதும் தூரமும் இரண்டு மடங்கு ஆனது. ரிக் அதைக் கை நீண்டதாக எடுத்துக்கொண்டு, சும்மா நின்றவனின் கைகளை மெலிய வைத்துவிட்டது. மூன்று நாள் கழித்துத்தான் யாரோ கவனித்தார்கள்.

இந்த வழியில் சுவிட்ச் 0.5 என்றால் நீட்சி சரியாகப் பாதி. உங்கள் கணக்கில் 72-க்குப் பதில் 61. உங்களுக்கு ஏன் கடைசியில் மட்டும் இழுக்கிறது என்று புரியவில்லை.

முழங்கை

அதற்குக் காரணம் IK Stretch ஒரு விகிதம் இல்லை, விறைப்பு. 0.1 என்றாலும் 0.05 என்றாலும் எலும்புக்கு நீள அனுமதி உண்டு, எவ்வளவு தயக்கத்தோடு நீள்கிறது என்பது மட்டும்தான் மாறும். இலக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் தயங்கித் தயங்கியாவது அங்கே போய்ச் சேர்ந்துவிடும். 0-வைத் தொடும்போதுதான் அனுமதியே போகிறது. அதனால் அதை மங்கவைக்கும் ஸ்லைடராகப் பயன்படுத்த முடியாது.

மாயாவாசி சொன்ன பாதி நீட்சி பிளெண்டரிலும் வேண்டுமென்றால் எலும்பைத் தொடாமல் இலக்கைக் கட்டுங்கள். கைக் கன்ட்ரோலைப் பின்தொடரும் ஓர் இடைநிலை எலும்பு, MCH_target. அதன் மேல் Limit Distance, இலக்கு தோள், தூரம் 0.499 மீட்டர், Clamp Region-இல் Inside. அதன் Influence-க்கு டிரைவர் `1 - s`. ஐ.கே. இனி இந்த எலும்பைத்தான் துரத்த வேண்டும். `s` 1 என்றால் கட்டு இல்லை, கை 72-க்குப் போகும். `s` 0 என்றால் 50-க்குள் நிற்கும். நடுவில் சீராக வரும். மாயாவாசி சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். பாத்திரத்தைப் பெரிதாக்கினால் அந்த 0.499-ஐயும் அதே அளவால் பெருக்கும் டிரைவர் வேண்டும்.

உள்ளங்கைக்கு: DEF_hand-க்கு DEF_fore பெற்றோர், சுழற்சி மட்டும் கன்ட்ரோலிலிருந்து, Inherit Scale-ஐ Average ஆக்குங்கள்.

சதீஷ்வி

Average எதற்கு? None போட்டால் உள்ளங்கை எந்த அளவையும் வாங்காதே. அதுதானே பாதுகாப்பு?

முழங்கை

நீட்சிக்குப் பாதுகாப்புதான். ஆனால் ரூட் எலும்பால் பையனைப் பெரிதாக்கினால் உடம்பெல்லாம் வளரும், உள்ளங்கை மட்டும் குழந்தைக் கையாகவே தங்கிவிடும்.

Average பெற்றோரின் கன அளவு மாற்றத்தை மட்டும் பார்க்கிறது. DEF_fore நீளத்தில் 1.44, தடிமனில் 0.833, 0.833. மூன்றையும் பெருக்கினால் 1. ஆக உள்ளங்கைக்கு நீட்சியிலிருந்து எதுவும் வராது. ரூட் இரண்டு மடங்கு ஆனால் அது மட்டும் வரும். கன அளவைக் காப்பாற்றுவதால் கிடைக்கும் லாபம் இது, எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். ஆனால் பெற்றோர் ஐ.கே. எலும்பாக இருந்தால் வேலைக்கு ஆகாது. அங்கே மூன்று அச்சும் 1.44, உள்ளங்கை 44 சதவீதம் வீங்கும். மணிக்கட்டுப் பக்கம் Volume Variation-ஐக் குறைத்தாலும் இதே சங்கதி, அளவு சிறியது. அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

தேன்சிட்டு

நான் ரிக்கர் இல்லை, அனிமேட்டர். கயலின் மூன்றாவது சிக்கலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது ரிக்கைவிட நேரத்தைப் பொறுத்தது.

104-ஆம் ஃபிரேமில் தோளிலிருந்து கைக் கன்ட்ரோல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பாருங்கள். 50-க்கு மேல் இருந்தால், எந்த ரிக்காக இருந்தாலும், அந்த வித்தியாசம் முழுக்கத் துள்ளலாகத்தான் வெளியே வரும். கன்ட்ரோல் 50-க்குள் வந்துவிட்டால் மாயாவாசியின் சூத்திரத்தில் `r` எப்படியும் 1. சுவிட்ச் 1-லும் 1, 0-விலும் 1. அந்த ஃபிரேமில் அணைத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மங்கவைக்கவே வேண்டாம். அங்கே ஒரு கீ, இன்டர்பொலேஷன் Constant.

நான் இதற்காகவே கை 50-ஐக் கடந்து நன்றாக உள்ளே வந்து, முழங்கை தெளிவாக மடங்கிய பிறகுதான் கீ வைப்பேன்.

கயல்_ரிக்

அளந்தேன். 104-இல் 61. அதாவது 11 செ.மீ. துள்ளல்! 110-இல் 50.6. 112-இல் 47. 112-க்கு மாற்றி Constant வைத்ததும் துள்ளல் போய்விட்டது. இதை நான் வரைபட எடிட்டரில் இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு அடுக்கு எலும்பும் செய்துவிட்டேன். கை அழகாக மெலிகிறது. டப்பாவைத் தொடும் ஃபிரேமில் சட்டையின் கட்டங்கள் நீளவாக்கில் இழுபட்டு, அகலத்தில் நெருங்குவதைப் பார்த்தபோது மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

இப்போது புதிதாக ஒன்று. சோகப் பேச்சில் `s` 0. அப்படியும் அப்பத்தாவின் தோளைத் தொடக் கை நீளும்போது ஏதோ இழுபட்ட மாதிரி உணர்வு. கண்ணால் பிடிக்க முடியவில்லை.

முழங்கை

இதை ஓட்டிப் பாருங்கள், ஆர்மேச்சரைத் தேர்ந்தெடுத்துவிட்டு:

```python
import bpy
ob = bpy.context.object
for n in ("DEF_upper", "DEF_fore"):
    pb = ob.pose.bones[n]
    r = (pb.tail - pb.head).length / pb.bone.length
    print(n, round(r, 3))
```

ரூட்டில் அளவை மாற்றாத வரை இரண்டும் 1.0 காட்ட வேண்டும்.

கயல்_ரிக்

கை மடங்கியிருக்கும் ஃபிரேம்களில்கூட 1.0-க்குச் சற்று மேலே வருகிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு.

முழங்கை

அப்படியானால் IK Stretch இன்னும் 0.1-லேயே நிற்கிறது. இலக்கைக் கட்டியிருக்கிறோம், ஆனால் எலும்புக்கு நீளும் அனுமதி அப்படியே இருக்கிறது. தீர்ப்பான் முழங்கையை மடக்கும்போது கொஞ்சம் நீளத்தையும் கடன் வாங்கிக்கொள்கிறது. இரண்டு எலும்பின் IK Stretch-க்கும் டிரைவர் `0.1 * s` கொடுங்கள். இலக்கின் கட்டு நடு மதிப்புகளுக்கு, இது முழுதாக அணைப்பதற்கு. இரண்டும் ஒரே ஸ்லைடரில் ஓடட்டும்.

கயல்_ரிக்

1.0, 1.0. சரியாகிவிட்டது. ஆனால் இப்போது கை நேராகும் இடத்தில் முழங்கை வெடுக்கென்று நிமிர்கிறது. முன்பு இது இல்லை.

தேன்சிட்டு

முன்பும் இருந்தது, அந்தச் சிறிய நீட்சி அதை மறைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் நான் எதார்த்தமான ஷாட்டிலும் ஸ்ட்ரெச்சை முழுதாக அணைக்க மாட்டேன், ஒன்றிரண்டு சதவீதம் விட்டுவைப்பேன்.

முழங்கை

இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஏன் வெடுக்கென்று நிமிர்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 26-க்கும் 24-க்கும் முக்கோணம் போட்டால், தூரம் 49.5 இருக்கும்போது முழங்கைக் கோணம் சுமார் 164 பாகை. 49.9-இல் சுமார் 173. 50-இல் 180. கடைசி 5 மி.மீ.-இல் முழங்கை 16 பாகை திறக்கிறது. அதிலும் கடைசி 1 மி.மீ.-இல் மட்டும் 7 பாகை. கன்ட்ரோல் சீரான வேகத்தில் போனாலும் முழங்கை சீராகப் போகாது.

எதார்த்தமான நடிப்பில் இதற்கு மருந்து போஸில்தான் இருக்கிறது. தோளை ஒரு செ.மீ. முன்னே தள்ளுங்கள், உடம்பைச் சாயுங்கள். நிஜமான ஆள் எட்டாததைத் தொடும்போது தோள்தான் முதலில் போகிறது. நீட்சியை விட்டுவைத்தால் அந்தத் தோளை அசைக்க வேண்டிய தேவையே தெரியாமல் போய்விடும். நடை ஷாட்டுகளில் இன்னும் மோசம். இடுப்பு கொஞ்சம் உயர்ந்ததும் கால் 1.02 ஆகிச் சமாளித்துவிடும், உடம்பின் எடை எங்கேயும் இறங்காது.

தேன்சிட்டு

தோளை அசைக்க வேண்டும் என்பது சரி. ஆனால் தொடர் வேலையில் வாரத்துக்கு இத்தனை வினாடி என்று இருக்கும்போது, ஒவ்வொரு கை நீட்டலுக்கும் தோளைத் திருத்த நேரம் கிடைப்பதில்லை. 50 செ.மீ. கையில் 2 சதவீதம் என்றால் 1 செ.மீ. அதைத் திரையில் யாரும் பார்த்ததில்லை. வெடுக்கென்று நிமிர்வதை எல்லாரும் பார்க்கிறார்கள்.

மாயாவாசி

உச்சவரம்பு என்று தனி ஆட்ரிபியூட் வைப்பது எங்கள் வழக்கம். கார்ட்டூன் ஷாட்டில் 3, எதார்த்தத்தில் 1.02. அணைப்பதா வேண்டாமா என்ற சண்டை அனிமேட்டரின் மேசைக்குப் போய்விடும்.

முழங்கை

வரம்பு வைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் புதிய ஷாட்டைத் திறக்கும்போது அது 1-இல் இருக்க வேண்டும் என்பேன். ரிக்கிஃபை போன்றவற்றில் `IK_Stretch` 1 ஆகத்தான் பிறக்கிறது. அதை 0 ஆக்க மறந்த ஷாட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேன்சிட்டு

நான் எதிர்ப்பக்கம். அணைந்தே வந்தால், கன்ட்ரோல் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலுமாக 22 செ.மீ. விலகி நிற்கும். புதிதாக வருபவர்கள் ரிக் உடைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

கயல்_ரிக்

இப்போதைக்கு நான் செய்தது இதுதான். `s` 112-இல் அணைகிறது. அப்பத்தாவைத் தொடும் இடத்தில் முதுகெலும்பைச் சாய்த்துத் தோளை 1.5 செ.மீ. முன்னே கொண்டுவந்தேன். கைக்கு இப்போது 48 செ.மீ. போதும், முழங்கை நிமிரவே வேண்டியதில்லை. அந்தச் சாய்வினால் பையன் தயங்கித் தொடுவது போலவும் வந்திருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. கன்ட்ரோலுக்கும் கைக்கும் இடையே, விலகினால் மட்டும் தெரியும் ஒரு கோடு வைத்திருக்கிறேன்.

இதே அமைப்பைக் காலுக்கும் போடப் போகிறேன். பாதம் தரையில் இருக்கும்போது இலக்கைக் கட்டினால் பாதம் தரையை விட்டு எழும்புமே, அதற்கு இடுப்பைத்தான் கட்ட வேண்டுமா?

முழங்கை

இடுப்பைக் கட்டினால் அனிமேட்டர் இடுப்பை எங்கே வைத்தாலும் அது வேறெங்கோ நிற்கும், இரண்டு காலுக்கும் சேர்த்து. நான் அப்படிச் செய்து பார்த்து எடுத்துவிட்டேன். குதிகாலை முதலில் எழும்பவிட்டு, பெருவிரலைத் தரையிலேயே பிடித்துவைக்கும் ஒரு முயற்சி என்னிடம் பாதியில் இருக்கிறது. அது சரியாக வேலை செய்ததும் இங்கேயே போடுகிறேன்.